மூச்சுப் பயிற்சி முடித்த கையோடு பி.பி. பார்க்காதீர்கள்

எங்கள் சித்தப்பாவுக்கு 61 வயது. பேருந்து நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். நான்கு வருடமாகக் காலையில் பி.பி.க்கு அம்லோடிபின் 5 மி.கி. ஒரு மாத்திரை போட்டு வந்தார். போன வருடம் தெருவில் தொடங்கிய யோகா வகுப்பில் சேர்ந்தார். மெதுவாக மூச்சு விடும் பயிற்சி, தினமும் பதினைந்து நிமிடம். வீட்டில் பி.பி. பார்க்கும் மிஷின் இருந்ததால், பயிற்சிக்கு முன்னும் பின்னும் பார்த்து ஒரு நோட்டில் எழுத ஆரம்பித்தார். முதல் நாள் முன்னால் 152/94, பின்னால் 136/86. அடுத்த நாளும் ஏறக்குறைய அப்படியே. மூன்றாவது நாளிலிருந்து பயிற்சிக்கு அப்புறம் மட்டும் பார்த்தால் போதும் என்று முடிவு செய்தார். மாத்திரையையும் நிறுத்திவிட்டார். யாரிடமும் சொல்லவில்லை.

ஒரு வாரம் நோட்டில் 134, 136, 132 என்று அழகான எண்களாக வந்தன. சித்தி எனக்குப் போன் செய்து சந்தோஷமாகச் சொன்னார்: "மாத்திரையே வேண்டாம்னு ஆயிடுச்சும்மா." நான் 19 வருடமாகச் செவிலியராக இருக்கிறேன். அந்தச் சந்தோஷத்தைக் கேட்டு எனக்குப் பயம்தான் வந்தது. அந்த வாரக் கடைசியில் நேரில் போனேன். காலையில் அவர் எழுந்து, சிறுநீர் கழித்துவிட்டு, காபி குடிக்கும் முன், நாற்காலியில் சாய்ந்து ஐந்து நிமிடம் பேசாமல் உட்காரச் சொல்லிப் பார்த்தேன். 164/98. ஒரு நிமிடம் கழித்து மறுபடி, 162/98.

"அப்போ மிஷின் பொய் சொல்லுதா?" என்று கேட்டார். இல்லை. இரண்டு எண்ணும் உண்மை. ஆனால் அவை சொல்லும் செய்தி வேறு வேறு.

நம் கழுத்து ரத்தக் குழாயிலும், இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய குழாயிலும் அழுத்தத்தை உணரும் நரம்பு முனைகள் இருக்கின்றன. அழுத்தம் ஏறினால் அவை மூளைக்குச் சொல்லும். மூளை இதயத் துடிப்பைக் குறைத்து, குழாய்களைத் தளர்த்தும். இந்தச் சுற்று ஒரு முறை போய்த் திரும்ப ஏறக்குறைய பத்து விநாடி ஆகும். நாம் சாதாரணமாக நிமிடத்துக்கு 12 முதல் 18 முறை மூச்சு விடுகிறோம். அதை ஆறாகக் குறைத்தால் ஒரு மூச்சுக்குப் பத்து விநாடி. மூச்சும் அந்தச் சுற்றும் ஒரே தாளத்தில் சேர்ந்துகொள்கின்றன. ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளுவது போல, அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் அந்த ஏற்பாடு நன்றாக வேலை செய்கிறது. 2001இல் இத்தாலிய ஆய்வாளர்கள் ஒரு அழகான விஷயத்தைக் கண்டார்கள். லத்தீனில் ஜெபமாலை சொன்னாலும், 'ஓம் மணி பத்மே ஹூம்' என்று ஜபித்தாலும் மூச்சு தானாகவே நிமிடத்துக்கு ஆறுக்கு வந்துவிடுகிறதாம். நம் பாட்டிமார் விளக்கு வைத்துவிட்டு உட்கார்ந்து நாமம் சொல்லும்போது முகத்தில் வரும் அமைதி எனக்கு அப்போது நினைவுக்கு வந்தது.

ஆக, பயிற்சி முடித்த உடனே அழுத்தம் குறைவது நிஜம். ஜப்பானில் 2005இல் இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்களிடம் பார்த்தபோது, அரை நிமிடத்தில் ஆறு ஆழ்ந்த மூச்சு விட்டதற்கே மேல் அளவு இறங்கியது. பி.பி. அதிகம் உள்ளவர்களிடம் கூடுதலாகவே இறங்கியது. ஆனால் அது தங்குவதில்லை. எழுந்து போய் காய்கறிக்காரரிடம் பேரம் பேசிவிட்டு வந்தால் மறுபடி ஏறிவிடும். வருடக்கணக்கில் அழுத்தத்தை உயர்த்தி வைத்திருப்பது வேறு: விறைத்துப்போன ரத்தக் குழாய்கள், உப்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும் சிறுநீரகம், உடல் எடை, பரம்பரை. பதினைந்து நிமிட மூச்சால் இவை மாறிவிடுவதில்லை. மூளையையும் சிறுநீரகத்தையும் பாதிப்பது ஒரு நாளின் எல்லா மணி நேரத்திலும் இருக்கும் அழுத்தம். பயிற்சி முடிந்த பத்தாவது நிமிடத்தின் எண் அதைக் காட்டாது.

சித்தப்பாவை ஏமாற்றிய இரண்டாவது விஷயம் பலருக்கும் தெரியாது. அம்லோடிபின் உடலில் நிதானமாகத்தான் குறையும். ரத்தத்தில் அதன் அளவு பாதியாவதற்கே 30 முதல் 50 மணி நேரம் ஆகும். நிறுத்திய பிறகும் பல நாள் அதன் வேலை கொஞ்சம் கொஞ்சமாகத் தொடரும். அந்த வாரம் நோட்டில் வந்த நல்ல எண்களில் ஒரு பங்கு, அவர் வேண்டாம் என்று ஒதுக்கிய மாத்திரையுடையது. எல்லா மாத்திரையும் இப்படி மெதுவாக விலகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். அடினலால் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தினால் துடிப்பும் அழுத்தமும் எகிறும். இதய நோய் உள்ளவருக்கு நெஞ்சுவலியே வரலாம். டாக்டரைக் கேட்காமல் எந்த பி.பி. மாத்திரையையும் நிறுத்தக் கூடாது என்று நாங்கள் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

சரி, தினமும் செய்தால் நீண்ட நாளில் எவ்வளவு குறையும்? மூச்சை மெதுவாக்க வழிகாட்டும் ஒரு கருவியை வைத்து நிறைய ஆய்வுகள் நடந்தன. 2012இல் அவற்றை மொத்தமாகச் சேர்த்துப் பார்த்தார்கள். மேல் அளவில் ஏறக்குறைய 4, கீழ் அளவில் 2 முதல் 3 வரை குறைந்திருந்தது. ஆனால் கருவியை விற்கும் நிறுவனத்தின் தொடர்பு இருந்த ஆய்வுகளை எடுத்துவிட்டுக் கணக்கிட்டால் அந்தப் பலனும் காணாமல் போனது. மறு வருடம் நெதர்லாந்தில், சர்க்கரையும் பி.பி.யும் சேர்ந்து உள்ளவர்களில் ஒரு பகுதியினருக்கு மூச்சுக் கருவியும், மற்றவர்களுக்கு வெறும் இசையும் கொடுத்துப் பார்த்தார்கள். அழுத்தத்தில் வித்தியாசம் இல்லை. அதே 2013இல் அமெரிக்க இதய சங்கம், கருவி வழி மெதுமூச்சை மருந்தோடு சேர்த்துச் செய்யலாம் என்று ஏற்றுக்கொண்டது. தியானத்துக்கு அதைவிடக் குறைந்த இடமே கொடுத்தது.

இதையெல்லாம் படித்த பிறகு என் எண்ணம் இதுதான்: நன்றாகப் போனால் மூன்று, நான்கு புள்ளி கிடைக்கும். ஒரு சாதாரண மாத்திரை, சராசரியாக மேல் அளவை 9 புள்ளி குறைக்கும். 138 இருப்பவருக்கு நான்கு புள்ளி பெரிய விஷயம்தான். 164 இருப்பவர் அதை நம்பி உட்கார்ந்திருக்க முடியாது.

சித்தப்பாவிடம் பயிற்சியை விடச் சொல்லவில்லை. அவருக்குத் தூக்கம் நன்றாக வருகிறது, கோபம் குறைந்திருக்கிறது என்று சித்தியே சொன்னார். அதுவும் வேண்டியதுதானே. டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லி மாத்திரையை மறுபடி தொடங்கினோம். அவரைக் கேட்டுக்கொண்டே, பயிற்சியால் எவ்வளவு கிடைக்கிறது என்று முறையாகப் பார்க்க முடிவு செய்தோம். மூன்று வாரம் மாத்திரை மட்டும், பயிற்சி இல்லை. மூன்றாவது வாரம் ஏழு நாள், காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு முறை, இரவு சாப்பாட்டுக்கு முன் இரண்டு முறை, ஒரு நிமிட இடைவெளியில். முதுகு சாய்ந்திருக்க வேண்டும், பாதம் தரையில், கால் மேல் கால் போடக் கூடாது, கை மேஜை மேல், பட்டை இதயத்தின் உயரத்தில், சட்டைக் கைக்கு மேல் கட்டாமல் தோலின் மேல். முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு, மீதி ஆறு நாளின் 24 எண்களுக்குச் சராசரி எடுத்தோம். 141/87.

அப்புறம் எட்டு வாரம் மாத்திரையோடு பயிற்சி. பயிற்சியைச் சாயங்காலம் ஐந்து மணிக்கு வைத்துக்கொண்டார். இரவு எடுக்கும் எண் அதிலிருந்து மூன்று மணி நேரம் தள்ளியே இருந்தது. சாப்பாடு, நடை எதையும் மாற்றவில்லை. கடைசி வாரச் சராசரி 137/85. நான்கு புள்ளி. அது மூச்சால்தான் வந்தது என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஒரே ஆளிடம் இந்த அளவு வித்தியாசம் தானாகவும் வரும். வீட்டில் பார்க்கும் அளவு 135/85க்குக் கீழே இருக்க வேண்டும். அதனால் டாக்டர் டெல்மிசார்டன் 40 மி.கி. சேர்த்தார். ஆறு வாரம் கழித்து 128/79.

பயிற்சியைப் பற்றி: வயிறு மெல்ல எழும்பும்படி மூக்கு வழியாக நான்கு விநாடி உள்ளே, ஆறு விநாடி வெளியே. இதை எட்ட முடியாவிட்டால் மூன்றும் நான்குமாகத் தொடங்கி ஒரு வாரத்தில் நீட்டலாம். பலரும் செய்யும் தவறு, மெதுவாக என்றால் ஆழமாக என்று நினைத்து நெஞ்சு முட்டக் காற்றை இழுப்பது. தலை லேசாகச் சுற்றினாலோ, விரல் நுனியும் உதட்டைச் சுற்றியும் மதமதத்தாலோ காற்று தேவைக்கு மேல் போய்வருகிறது என்று அர்த்தம். மூச்சின் அளவைச் சிறிதாக்கினால் சரியாகிவிடும்.

மூச்சை அடக்குவதை மட்டும் பி.பி. உள்ளவர்கள் விட்டுவிடுங்கள். திருமந்திரம் சொல்லும் கணக்கு, உள்ளே இழுக்கும் பூரகம் 16, அடக்கி வைக்கும் கும்பகம் 64, வெளியே விடும் ரேசகம் 32. அது குருவின் பக்கத்தில் இருந்து வருடக்கணக்கில் பழகுபவர்களுக்கு உரியது. அழுத்தம் குறைகிறதா என்று ஆய்வு செய்யப்பட்ட மெதுமூச்சில் 64 எண்ணி அடக்கும் கும்பகம் கிடையாது. மூச்சை அடக்கி முக்கும்போது அழுத்தம் ஏறவே செய்யும். கபாலபாதி, பஸ்திரிகா போன்ற வேகமானவையும் கட்டுக்குள் வராத பி.பி.க்கு ஏற்றவை அல்ல. வகுப்பில் எல்லோரும் செய்கிறார்கள் என்று கூச்சப்பட்டுச் செய்யாதீர்கள். ஆசிரியரிடம் "எனக்கு பி.பி. இருக்கு" என்று முதல் நாளே சொல்லுங்கள்.

மிஷினில் 180/120 என்றோ அதற்கு மேலோ வந்தால், ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்து மறுபடி பாருங்கள். அப்போதும் அப்படியே இருந்தால் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். அதோடு நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கம் கை கால் விழுவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறுவது, பார்வை மங்குவது என்று ஏதாவது ஒன்று இருந்தால் ஐந்து நிமிடமும் காத்திருக்க வேண்டாம், 108ஐக் கூப்பிடுங்கள். அந்த நேரத்தில் மூச்சுப் பயிற்சி செய்து குறைத்துவிடலாம் என்று உட்கார்ந்து, வர வேண்டிய நேரம் கடந்து வந்தவர்களை நான் வார்டில் பார்த்திருக்கிறேன்.

சித்தப்பா இப்போதும் சாயங்காலம் ஐந்து மணிக்குத் திண்ணையில் உட்கார்கிறார். மிஷினைச் சித்தி பீரோவில் வைத்துப் பூட்டியிருக்கிறார். மறுநாள் காலை காபிக்கு முன்தான் வெளியே எடுக்கிறார்.