84க்கும் 86க்கும் நடுவே மூன்று மடங்கு

நான் போட்ட ஒரு பார் சார்ட்டால் ஒருவர் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் பேச்சு வாங்கினார். எண்களில் தப்பில்லை. சார்ட்டைத்தான் நான் சரியாகப் பார்க்காமல் அனுப்பிவிட்டேன்.

விஷயம் இதுதான். நான்கு அணிகள். ஒவ்வோர் அணியும் கவனிக்கும் வாடிக்கையாளர்களில் 200 பேரிடம் "சேவை திருப்தியா?" என்று கேட்டிருந்தோம். திருப்தி என்று சொன்னவர்கள் 84, 84.5, 85, 86 சதவீதம். எக்செலில் எண்களைத் தட்டி, தேர்வு செய்து, சார்ட்டைச் செருகி, அப்படியே ஸ்லைடில் ஒட்டிவிட்டேன். திரையில் பார்த்தால் முதல் அணியின் பட்டை தரையோடு தரையாகக் கிடக்கிறது. கடைசி அணியின் பட்டை அதைப் போல மூன்று மடங்கு உயரம். மேனேஜர் கேட்டார்: "என்னங்க, உங்க டீம் மட்டும் இப்படி இருக்கு?" அந்த அணியின் தலைவிக்குச் சட்டென்று பதில் வரவில்லை. எனக்கும் வரவில்லை. சாயங்காலம் உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது, பட்டைகளின் உயரத்தைக் காட்டும் செங்குத்து அச்சு பூஜ்யத்தில் இல்லாமல் 83இல் தொடங்கியிருந்தது.

பட்டையை நாம் எப்படிப் படிக்கிறோம் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. நம் கண் அதன் நீளத்தைப் பார்க்கிறது. அடியிலிருந்து நுனிவரை எவ்வளவு, பக்கத்துப் பட்டை இதைப் போல எத்தனை மடங்கு என்று யாரும் சொல்லிக்கொடுக்காமலே கணக்குப் போட்டுவிடுகிறது. அடி பூஜ்யமாக இருக்கும்வரை அந்தக் கணக்கு சரியாக வரும். 83இல் தொடங்கினால் முதல் பட்டையின் நீளம் 1, கடைசிப் பட்டையின் நீளம் 3. எண்களிலோ 86 என்பது 84ஐவிட 2.4 சதவீதம்தான் அதிகம். படம் காட்டுவது 200 சதவீதம் அதிகம். படத்தில் தெரியும் வித்தியாசத்தை எண்களில் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, அதற்குப் 'பொய்க் காரணி' என்று பெயர் வைத்தார், எண்களைப் படமாக்குவது பற்றிப் புத்தகம் எழுதிய எட்வர்ட் டஃப்டி, 1983இல். நேர்மையான படத்துக்கு அது 1க்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். என் படத்துக்கு 84. எந்தக் கெட்ட எண்ணமும் இல்லாமல் சம்பாதித்தது!

சரி, எக்செல் ஏன் 83ஐப் பிடித்தது? அதற்கென்று ஒரு விதி இருக்கிறது. பெரிய எண்ணுக்கும் சின்ன எண்ணுக்கும் உள்ள இடைவெளி, பெரிய எண்ணில் ஆறில் ஒரு பங்கைத் தாண்டினால் அச்சு பூஜ்யத்தில் தொடங்கும். தாண்டாவிட்டால், அந்த இடைவெளியில் பாதியைச் சின்ன எண்ணிலிருந்து கழித்து, அங்கேயோ அதற்குச் சற்றுக் கீழேயோ உள்ள அளவுக்கோட்டில் தொடங்கும். எங்கள் கதையில் இடைவெளி 2, அதில் பாதி 1. 84இலிருந்து 1 போனால் 83.

இந்த விதியைக் கொஞ்சம் உருட்டிப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். சின்னப் பட்டைக்குக் கிடைப்பது பாதி இடைவெளி, பெரிய பட்டைக்கு ஒன்றரை இடைவெளி. அதாவது இடைவெளி எவ்வளவு பொடியாக இருந்தாலும் படத்தில் ஏறக்குறைய மூன்று மடங்காகத்தான் தெரியும். 84க்கும் 84.2க்கும் சார்ட் போட்டாலும் அதே மூன்று மடங்கு. வித்தியாசம் எவ்வளவு என்பதை அந்தப் படம் சொல்லவே இல்லை, ஒன்று இருக்கிறது என்பதை மட்டும் உரக்கச் சொல்கிறது.

இதைவிட மோசமானது அதற்கு முந்தைய காலாண்டில் நடந்திருந்தது. அப்போது ஓர் அணிக்கு 70, இன்னொன்றுக்கு 90. இடைவெளி 20, அது 90இல் ஆறில் ஒரு பங்குக்கும் மேல். அதனால் எக்செல் ஒழுங்காகப் பூஜ்யத்தில் தொடங்கியிருந்தது. உயரமான பட்டை மற்றதைப் போல ஒன்றேகால் மடங்கு, அதற்கு மேல் கொஞ்சம். யாரும் எதுவும் கேட்கவில்லை. 70 வாங்கிய அணியிலோ 200 பேரில் 60 பேர் திருப்தி இல்லை என்று சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு அமைதியாக இருந்த அதே அறை, இந்தக் காலாண்டில் நான்கு பேருக்காகக் கொதித்தது. ஆமாம், நான்கே பேர்: 84 சதவீதம் என்றால் 168 பேர், 86 என்றால் 172. 200 பேரிடம் கேட்டு வரும் இப்படியொரு சதவீதம் எப்படியும் 5 புள்ளி மேலேயோ கீழேயோ ஆடும். இன்னொரு 200 பேரிடம் கேட்டிருந்தால் வரிசையே தலைகீழாக மாறியிருக்கலாம்.

"அச்சில் 83 என்று எழுதித்தானே இருக்கிறது, படிப்பவர் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே" என்பார்கள். நானும் அப்படிச் சொன்னவன்தான். ஆனால் 2021இல் வெளியான ஓர் ஆய்வில், அச்சு பூஜ்யத்தில் தொடங்காமல் வெட்டப்பட்டிருக்கிறது என்று முன்கூட்டியே விளக்கி எச்சரித்தும்கூட, மக்கள் வித்தியாசத்தைப் பெரிதாகவே மதிப்பிட்டார்கள். எச்சரிக்கை கொஞ்சம் குறைத்தது, அடியோடு போக்கவில்லை. அச்சின் அடியில் ஒரு நெளிகோடு போட்டு 'இங்கே வெட்டியிருக்கிறோம்' என்று காட்டும் வழக்கத்திலும் எனக்கு நம்பிக்கை இல்லை. கோடு நெளிந்தாலும் பட்டையின் நீளம் மாறுவதில்லையே.

சந்தேகம் வந்தால் நான் இப்போது செய்வது, ஒரு ஸ்கேலை எடுத்துத் திரையில் வைத்து இரண்டு பட்டைகளையும் அளப்பது. ஒன்று 2 செ.மீ., மற்றது 6 செ.மீ. இருந்து, மேலே எழுதிய எண்கள் 84, 86 என்றால் அடி எங்கோ மேலே தூக்கப்பட்டிருக்கிறது. எக்செலில் சரிசெய்ய, செங்குத்து அச்சை வலது கிளிக் செய்து `Format Axis` போய், `Bounds` என்பதன் கீழே `Minimum` பெட்டியில் 0 தட்டினால் போதும். பக்கத்தில் `Auto` என்று இருந்தது `Reset` என்று மாறும். இனி எண்கள் மாறினாலும் அது நகராது.

அதற்காக எல்லா அச்சும் பூஜ்யத்தில்தான் தொடங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர்களோடும் எனக்குச் சண்டை உண்டு. காய்ச்சல்காரரின் உடல் வெப்பத்தை பூஜ்யம் டிகிரியிலிருந்து வரைந்தால் 37உம் 39உம் ஒன்றுபோலத் தெரியும். அந்த இரண்டு டிகிரிதானே முழு விஷயம்? செல்சியஸில் பூஜ்யம் என்பது 'வெப்பமே இல்லை' என்று பொருளும் இல்லை. அங்கே பட்டையை விட்டுவிட்டுப் புள்ளியோ கோடோ போடலாம். புள்ளியில் கண் பார்ப்பது அது இருக்கும் இடத்தை, கோட்டில் ஏற்ற இறக்கத்தை. அடியிலிருந்து நீளத்தை யாரும் அளப்பதில்லை. கோட்டையும் செங்குத்தாக இழுத்து மலைபோலக் காட்ட முடியும், அது தனிக் கதை. பட்டைதான் வேண்டுமென்றால் 37ஐக் கழித்துவிட்டு, இயல்பைவிட எவ்வளவு கூடுதல் என்பதை வரையலாம்; அப்போது பூஜ்யம் உண்மையான பூஜ்யம்.

எங்கள் சார்ட்டை 0இல் தொடங்கி மறுபடி போட்டேன். நான்கு பட்டைகளும் வேலி போட்டதுபோல ஒரே உயரம். மேனேஜர் பார்த்துவிட்டு, "இதுல ஒண்ணுமே தெரியலையே" என்றார். 168, 169, 170, 172 என்று தலைகளை எண்ணிக் காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, போன காலாண்டு ஸ்லைடைத் திறக்கச் சொன்னார்.