2 மணி நேர வாடகையில் 12 நிமிடப் பயிற்சி

மணிக்கு 300 ரூபாய் வாடகைக்கு ஒரு ஒத்திகை அறையை எடுத்து, 2 மணி நேரம் வாசித்துவிட்டு, "இன்னைக்கு செமையா இருந்துச்சு மாப்ள" என்று சொல்லிக்கொண்டே எங்கள் இசைக்குழுவினர் ஐந்து பேரும் படியிறங்கிய ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், நான் மட்டும் யாருக்கும் சொல்லாமல் கைப்பேசியில் அந்த 2 மணி நேரத்தையும் பதிவு செய்திருந்தேன். வீட்டுக்கு வந்து கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே கேட்டபோது வந்த எரிச்சல் இன்றுவரை அடங்கவில்லை.

பாஸ் கிட்டார்க்காரர் வந்து சேர்வதற்கு 20 நிமிடம் போயிற்று. எல்லாருக்குமான கேபிள் பை அவரிடம்தான் இருந்தது என்பதால், நேரத்துக்கு வந்த மற்ற நால்வரும் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். டிரம்ஸைப் பூட்டி, கீபோர்டுக்கு இணைப்புக் கொடுத்து, ஓடாத பிளக்கை ஆட்டிப் பார்த்ததில் இன்னும் 25 நிமிடம். சுருதி சேர்ப்பதற்கும் மைக் வீரிடுவதை அடக்குவதற்கும் 18. டீக்கு 10, மூட்டை கட்டுவதற்கு 10. மீதி 37 நிமிடம்தான் வாசித்திருக்கிறோம். அதிலும் 25 நிமிடம், தூக்கத்தில் எழுப்பினாலும் வாசிக்கக்கூடிய ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப வாசித்திருக்கிறோம். புதிய பாட்டுக்குக் கிடைத்தது 12 நிமிடம். 600 ரூபாயை அந்த 12 நிமிடத்தால் வகுத்துப் பாருங்கள்: நிமிடத்துக்கு 50 ரூபாய். ஐந்து பேரில் மூன்று பேர் இன்னும் வீட்டில் பெட்ரோலுக்குக் காசு கேட்பவர்கள்.

இந்தக் கணக்கைக் காட்டியபோது எங்கள் குழு கண்டுபிடித்த தீர்வு, "சொந்தமா ஒரு ரூம் எடுத்துருவோம்" என்பது. யோசனை தவறில்லை. வாரத்துக்கு இரண்டு முறை என்றால் மாதம் 4,800 ரூபாய் மணி வாடகைக்கே போய்க்கொண்டிருந்தது. மதுரை வில்லாபுரம் பக்கம் ஒரு சந்தில், 10க்கு 14 அடி ஷட்டர் கடை மாதம் 4,000 ரூபாய்க்குக் கிடைத்தது. அதை இன்னொரு புதிய குழுவோடு பங்கு போட்டால் ஆளுக்கு 400 ரூபாயும் மின்கட்டணமும்தான். அட்வான்ஸ் 30,000, குழுவுக்கு 15,000. கடைக்காரரிடம் "பேண்ட்" என்று சொன்னதும் அவர் கல்யாண ஊர்வல பேண்டு வாத்தியம் என்று நினைத்துக்கொண்டு, ஊதுவதெல்லாம் வெளியில் வைத்துக்கொள்ளுங்கள் என்றார். அவர் மீது எனக்குக் கோபமில்லை. என் கோபமெல்லாம், இந்த ஊரில் ஒத்திகை அறை என்ற சொல்லைக் கேட்டவுடன் "முட்டை அட்டை ஒட்டுங்க, சத்தமே வெளிய போகாது" என்று சொல்லும் பெரியமனிதர்கள் மீதுதான்.

கேட்டு ஏமாந்தோம். கடை கடையாய் அலைந்து அறுபது முட்டை அட்டைகளைச் சேகரித்து, பசையும் கையுமாக இரண்டு நாள் ஒட்டினோம். சத்தத்தை வெளியே விடாமல் தடுப்பது கனமும், இடைவெளி இல்லாத அடைப்பும்தான் என்பதையும், காகிதக் கூழில் செய்த அட்டைக்கு இரண்டுமே கிடையாது என்பதையும் ஒருவரும் எங்களுக்குச் சொல்லவில்லை. அட்டை, அறைக்குள் எதிரொலிக்கும் கீச்சொலியைக் கொஞ்சம் உறிஞ்சும், அவ்வளவுதான். பேஸ் டிரம்மின் அடியும் பாஸ் கிட்டாரின் முனகலும் சுவரை அதிர வைத்துக்கொண்டு போகும். ஷட்டரோ, அதுவே ஒரு தகரப் பறை. போதாக்குறைக்கு அந்த அட்டை எளிதில் தீப்பற்றும், நாங்கள் ஒட்டியிருந்ததோ வெல்டிங் பட்டறைக்கு அடுத்த சுவரில். பட்டறை அண்ணன் வந்து பார்த்து, "தம்பி, ஒரு பொறி போதும்" என்று சொன்ன அன்றே அத்தனையையும் பிய்த்தோம். வேண்டாத பழைய மெத்தைகளை மூலைகளில் நிறுத்தி, தரையில் தடித்த ஜமுக்காளம் விரித்ததும் உள்ளே எதிரொலி நன்றாகவே குறைந்தது. வெளியே போகும் சத்தம் பெரிதாகக் குறையவில்லை, குறையவும் குறையாது.

அப்படியானால் என்ன செய்வது? சத்தத்தைத் தடுக்கப் பணம் இல்லாதவன், சத்தம் யாரையும் தொந்தரவு செய்யாத இடத்தையும் நேரத்தையும் தேடிப் போக வேண்டும். 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள், குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55 டெசிபல், இரவில் 45 டெசிபல் என்று வரம்பு வைத்திருக்கின்றன. இரவு என்பது 10 மணி முதல் காலை 6 மணி வரை. சாதாரணமாக அடிக்கும் டிரம்ஸ் அருகிலேயே 100 டெசிபலைத் தாண்டிவிடும். ஆகவே இந்தக் கடையை எடுப்பதற்கு முன், மாடியில் குடித்தனம் இருக்கும் இன்னொரு கடையை நாங்கள் பார்த்திருக்கவே கூடாது; பார்த்தோம், அட்வான்ஸ் கொடுக்கும் நேரத்தில்தான் எனக்குப் புத்தி வந்தது. ஒருவர் உள்ளே ஷட்டரை இறக்கிக்கொண்டு பேஸ் டிரம்மை 10 நிமிடம் அடிக்க, மற்றவர் மாடிப் படியிலும் பக்கத்து வாசலிலும் போய் நின்று கேட்டால் தீர்ந்தது. மாடியில் அடி நெஞ்சில் விழுந்தது. அந்தக் கடையை விட்டோம். அதன் பிறகுதான் இந்தப் பட்டறைச் சந்துக் கடையை எடுத்தோம்: மாடி கிடையாது, பின்பக்கம் கிடங்கு, பட்டறை மாலை 8 மணி வரை ஓடும். ஆகவே எங்கள் நேரம் மாலை 5 முதல் 7 வரை. கிரைண்டர் வீல் அலறும்போது எங்கள் பாஸ் கிட்டாரை யாரும் குறை சொல்வதில்லை.

இனி, என் வயிற்றெரிச்சலின் முக்கியப் பகுதிக்கு வருகிறேன். அறை கிடைத்துவிட்டது, வாடகை குறைந்துவிட்டது. எங்கள் ஆட்கள் வாசிக்கும் சத்தம் மட்டும் குறையவில்லை. சின்ன அறையில் சத்தத்தின் அளவைத் தீர்மானிப்பவர் டிரம்மர்தான், ஏனென்றால் மற்ற எல்லாவற்றிலும் திருகக் குமிழ் உண்டு, டிரம்ஸில் கிடையாது. அவர் மைதானத்தில் அடிப்பதைப் போல அடித்தார். கிட்டார்க்காரன் கூட்டினான், பாஸ் கூட்டினார், கீபோர்டு கூட்டியது. பாடகிக்குத் தன் குரல் கேட்கவில்லை என்பதால் மைக்கைக் கூட்டினோம். ஸ்பீக்கரின் சத்தம் மைக்கில் நுழைந்து மறுபடியும் ஸ்பீக்கருக்கே போய் அறை வீரிட்டது. அந்த வீரிடலை அடக்குவதற்கு எத்தனை ஞாயிறுகள் வீணாயின என்று கேட்காதீர்கள். ஒரு மணி நேரத்தில் எல்லாருக்கும் காதில் ரீங்காரம், அதை "மாஸ்" என்று வேறு சொல்லிக்கொண்டார்கள்.

தீர்வுக்கு ஒரு ரூபாய் ஆகவில்லை என்பதுதான் கொடுமை. பேஸ் டிரம்முக்குள் ஒரு தலையணை, ஸ்நேர் என்னும் சின்ன டிரம் மீது மடித்த பழைய கைலித்துண்டு, தடித்த குச்சிக்குப் பதில் மெல்லிய குச்சிகளைக் கட்டாகச் சேர்த்த ராட். அதன் பிறகு கிட்டாரின் சத்தத்தைப் பெருக்கும் ஆம்ப். அது தரையில் இருந்தது. அதன் கூரிய சத்தமெல்லாம் வாசிப்பவனின் முழங்காலில் அடித்துவிட்டு எதிரே நின்ற பாடகியின் காதுக்குப் போனது. அவனுக்குக் கேட்காததால் அவன் கூட்டிக்கொண்டே இருந்தான். ஆம்பைத் தூக்கி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் வைத்து, அவன் காதைப் பார்த்துச் சாய்த்ததும், "ஐயோ, இவ்வளவு சத்தமா?" என்று அவனே பாதிக்குக் குறைத்தான். குரலுக்கான ஸ்பீக்கரை, மைக்கின் முதுகுப் பக்கம் பார்க்கும்படி நகர்த்தினோம். பின்னால் வரும் சத்தத்தைக் குறைவாக எடுப்பதுதான் அந்த மைக்கின் இயல்பு. வீரிடல் நின்றது. முதலில் பாடகி மட்டும் பாடிப் பார்த்து, அவர் குரல் தெளிவாகக் கேட்கும் அளவை வைத்துக்கொண்டு, அதற்குக் கீழே மற்றவர்கள் ஒருவர் பின் ஒருவராகச் சேர வேண்டும் என்பதை இப்போது சட்டமாகவே வைத்திருக்கிறோம்.

அறையைப் பங்கிடும் கதை தனி. முதல் மாதம் முழுக்க, அடுத்த குழு போன பிறகு நாங்கள் நுழைந்தால் டிரம்மர் உட்காரும் முக்காலி உயரம் மாறியிருக்கும், மிக்ஸரில் குமிழ்கள் எங்கெங்கோ இருக்கும், ஸ்நேரின் தோலில் ஒரு பள்ளம் இருக்கும். பள்ளத்தை யார் போட்டது என்று கேட்டால் இரண்டு குழுவும் மீனாட்சியம்மன் மீது சத்தியம் செய்யும். கடைசியில், பெரிய டிரம்கள் மட்டும் பொது; ஸ்நேர், சிம்பல், பெடல் அவரவர் வீட்டிலிருந்து வர வேண்டும் என்று பேசி முடித்தோம். உடைவதும் தேய்வதும் பெரும்பாலும் இவைதான். ஸ்டாண்டுகளின் கால்கள் நிற்கும் இடத்தை ஜமுக்காளத்தில் ஒட்டுநாடாவால் குறித்தோம், ஒரு குழுவுக்குச் சிவப்பு, மற்றதற்கு நீலம். மிக்ஸரைப் புகைப்படம் எடுத்து வைத்துக்கொண்டு அதன்படி திருப்பினால் இரண்டு நிமிடம். வாடகையைச் சரிபாதியாகவும், மின்சாரத்தைத் துணை மீட்டரில் உள்ளே நுழையும்போதும் வெளியேறும்போதும் எழுதும் எண்ணைப் பார்த்தும் பிரித்துக்கொள்கிறோம். சாவியை மறந்துவிட்டு வருகிறவர் மட்டும் திருந்தவில்லை. அவருக்காக ஒரு சாவி பட்டறை அண்ணனிடம் இருக்கிறது.

இவ்வளவும் செய்தாலும், வீட்டில் செய்ய வேண்டியதை அறைக்குக் கொண்டுவந்தால் எல்லாம் பாழ். தன் பகுதியைத் தானே கற்றுக்கொள்வதற்கு ஐந்து பேர் கூடியிருக்கத் தேவையில்லை. சேர்ந்து வாசிக்கும்போது மட்டும் தவறும் இடங்களுக்குத்தான் அறை. எங்கள் புதிய பாட்டு எப்போதும் விழுந்தது இரண்டாம் சரணம் முடிந்து பல்லவிக்குத் திரும்பும் நான்கு தாளக்கட்டுகளில். ஆனாலும் ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து ஆரம்பித்து, 4 நிமிடம் சரியாக வாசித்து, அதே இடத்தில் விழுந்து, சிரித்துவிட்டு, மறுபடி முதலிலிருந்து! கைப்பேசியில் தாளம் தட்டும் மெட்ரோனோமை நிமிடத்துக்கு 72 தட்டாக இறக்கி, அந்த நான்கையும் முன்னால் இரண்டு, பின்னால் இரண்டையும் மட்டும் சுற்றிச் சுற்றி வாசித்து, பிழையில்லாமல் மூன்று முறை வந்த பிறகு ஐந்தைந்தாக ஏற்றியதில், பாட்டின் வேகமான 92ஐ 25 நிமிடத்தில் தொட்டோம். பிழைக்குக் காரணம் டிரம்மர் என்று எல்லாரும் நம்பிக்கொண்டிருந்தோம். பதிவைக் கேட்டபோது கீபோர்டின் இடதுகையும் பாஸும் ஒரே சுரத்தில் ஒன்றையொன்று மிதித்து, தாளத்தை மறைத்துக்கொண்டிருந்தன. இடதுகையை எடுத்தோம், சரியாயிற்று. இரண்டு மாதம் திட்டு வாங்கிய டிரம்மரிடம் இன்னும் ஒருவரும் மன்னிப்புக் கேட்கவில்லை, நானும்தான்.

நேற்றைய பதிவில் 120 நிமிடத்தில் வாசித்தது 81, அதில் புதிய பாட்டுக்கு 50. இதையெல்லாம் எண்ணி நான் ஆனந்தமாக இருந்த வேளையில் கிட்டார்க்காரன் அழைத்தான். தவணையில் ஒரு பெரிய ஆம்ப் வாங்கிவிட்டானாம், பழையதைப் போல இரண்டு மடங்கு. நாற்காலி தாங்குமா அண்ணே என்று கேட்கிறான்.