மன்னிப்பு ஆங்கிலத்துக்கு, பொறுமை தமிழுக்கா?

டெலிவரி தாமதத்துக்கு ஒரு கம்பெனி ஆங்கிலத்திலும் தமிழிலும் அனுப்பிய மன்னிப்பு மெயிலின் ஸ்கிரீன்ஷாட்டை முந்தாநாள் போட்டு, அதன் தமிழைக் குறை சொன்னதிலிருந்து இன்பாக்ஸ் நிரம்பி வழிகிறது. பாதிப் பேர் "எந்தக் கம்பெனி?" என்கிறார்கள். சொல்லப் போவதில்லை, கேட்காதீர்கள். மீதிப் பேர் "தமிழிலும் அனுப்பியிருக்காங்களே, அதைப் பாராட்டாம நோண்டுறீங்களே" என்கிறார்கள். இந்த இரண்டாவது கூட்டத்துக்காகத்தான் இந்தப் பதிவு. நீளமாகப் போகும், பரவாயில்லை.

பேத்தி கல்யாணத்துக்குச் சீர் வைக்க என் பெரியம்மா ஒரு வெட் கிரைண்டர் ஆர்டர் போட்டிருந்தார். ஆகஸ்ட் 14க்குள் வரும் என்று சொன்னார்கள், வரவில்லை. 16ஆம் தேதி மெயில் வந்தது. மேல் பாதி ஆங்கிலம், கீழ்ப் பாதி தமிழ்.

ஆங்கிலப் பாதி என்ன சொல்கிறது? "14ஆம் தேதி தருவதாகச் சொன்னோம், தரவில்லை, மன்னியுங்கள். குடோனில் இருப்புக் கணக்கை நாங்கள் தப்பாகப் போட்டுவிட்டோம். 22ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் வந்துவிடும். காத்திருக்க விருப்பமில்லை என்றால் இந்த பட்டனை அழுத்துங்கள், முழுப் பணமும் திரும்பும். எப்படியானாலும் டெலிவரி சார்ஜைத் திருப்பித் தருகிறோம்." உண்மையைச் சொல்கிறேன், நல்ல கடிதம். எழுதியவருக்குத் தொழில் தெரிந்திருக்கிறது.

இப்போது தமிழ்ப் பாதி, வரி மாறாமல்: "மதிப்பிற்குரிய வாடிக்கையாளரே, தவிர்க்க இயலாத காரணங்களால் தங்கள் ஆர்டரை வழங்குவதில் தாமதம் ஏற்பட்டுள்ளது. தங்களுக்கு ஏற்பட்ட சிரமத்திற்கு வருந்துகிறோம். பொருள் விரைவில் வந்து சேரும். அதுவரை பொறுமை காத்து ஒத்துழைப்பு நல்குமாறு கேட்டுக்கொள்கிறோம்."

அவ்வளவுதான். ரயில் நிலைய ஒலிபெருக்கியைக் கழற்றி மெயிலில் மாட்டிய மாதிரி இருக்கிறது.

தமிழ் நடை நன்றாக இல்லை என்று நான் சண்டை போடவில்லை. இதைத்தான் பலர் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள். ஆங்கிலம் படிப்பவருக்குத் தப்பை ஒப்புக்கொள்கிறார்கள், தேதி சொல்கிறார்கள், பணத்தை வாங்கிக்கொண்டு போகும் வழியைக் காட்டுகிறார்கள். தமிழ் படிப்பவரைக் காத்திருக்கச் சொல்கிறார்கள். ஒரே மெயில், ஒரே கிரைண்டர், ஒரே வாடிக்கையாளர். ஆனால் கீழ்ப் பாதியை மட்டும் படிக்கும் என் பெரியம்மாவுக்கு ஆர்டரை ரத்து செய்யலாம் என்பதே தெரியாது. போன் பண்ணி என்னிடம் கேட்டது ஒன்றுதான்: "ஏம்ப்பா, இது வருமா வராதா?" மன்னிப்புக் கடிதம் என்று ஒன்றைப் படித்து முடித்தவர் கேட்கிற கேள்வியா இது?

இது ஏன் இப்படி ஆகிறது என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் மறுபக்கத்தில் உட்கார்ந்திருப்பவன். ஒரு பர்னிச்சர் கடையின் ஆன்லைன் ஆர்டர்களுக்கு இரண்டு மொழியிலும் மெயில் எழுதுவதுதான் என் வேலை. பல இடங்களில் நடப்பது இதுதான். ஆங்கிலத்துக்கு ஒரு டெம்ப்ளேட் தயாராகும். அதில் பொருள், பழைய தேதி, புதிய தேதி, காரணம் எல்லாவற்றுக்கும் காலி இடம் விட்டிருப்பார்கள், ஒவ்வொரு ஆர்டருக்கும் கணினி நிரப்பிக்கொள்ளும். தமிழுக்கு என்றோ ஒருநாள் யாரோ எழுதிக் கொடுத்த நான்கு வரி இருக்கும். அதில் காலி இடமே கிடையாது. எந்தத் தாமதத்துக்கும் பொருந்த வேண்டும் என்று எழுதியது, அதனால் எந்தத் தாமதத்தைப் பற்றியும் எதுவும் சொல்லாது. "விரைவில்" என்பது அப்படி வந்து உட்கார்ந்ததுதான். 22ஆம் தேதி என்பது கம்பெனிக்குத் தெரியும், மேல் பாதியில் அச்சாகியும் இருக்கிறது. கீழே அதை வைக்க ஓர் இடம் இல்லை, அவ்வளவே.

கேட்டால் "தமிழில் வேற்றுமை உருபு ஒட்டுவது சிக்கல், பெயரையும் தேதியையும் கணினி தானாகப் போட்டால் அசிங்கமாக வரும்" என்பார்கள். பெயர் விஷயத்தில் அது ஓரளவு உண்மை. 'இன்', 'க்கு' எல்லாம் எந்தப் பெயரோடும் ஒரே மாதிரி ஒட்டாது. ஆனால் தேதிக்கு என்ன சிக்கல்? "புதிய தேதி: ஆகஸ்ட் 22, வெள்ளி" என்று தனி வரியில் போட்டால் உருபே தேவையில்லை. பொருளின் பெயரையும் அப்படியே தனி வரியில் வைக்கலாம். ஒரு மத்தியான வேலை.

"குறை சொல்றது ஈஸி, நீங்க எழுதிக் காட்டுங்க" என்று ஒருவர் கமெண்ட் போட்டிருந்தார். சரி, இதோ:

"வணக்கம். நீங்கள் ஆர்டர் செய்த கிரைண்டரை ஆகஸ்ட் 14ஆம் தேதி தருவதாகச் சொல்லியிருந்தோம். தரவில்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். குடோனில் இருப்புக் கணக்கை நாங்கள் தவறாகப் போட்டுவிட்டோம். கிரைண்டர் ஆகஸ்ட் 22, வெள்ளிக்கிழமைக்குள் உங்கள் வீட்டுக்கு வந்துவிடும். அதுவரை காத்திருக்க முடியாது என்றால் கீழே உள்ள பட்டனை அழுத்தி ரத்து செய்துகொள்ளலாம், முழுப் பணமும் உங்கள் கணக்குக்கு வந்துவிடும். காத்திருந்தாலும் ரத்து செய்தாலும் டெலிவரி கட்டணத்தைத் திருப்பித் தருகிறோம்."

இதில் இலக்கியம் எதுவும் இல்லை. ஆங்கிலத்தில் "நாங்கள்" வருகிற இடத்தில் தமிழிலும் "நாங்கள்" வருகிறது. தாமதம் தானாக "ஏற்படவில்லை", யாரோ செய்தார்கள். வாடிக்கையாளரிடம் ஒத்துழைப்பு கேட்கவில்லை, அவர் என்ன செய்யலாம் என்று சொல்கிறது. தொனி ஒத்துப்போக வேண்டும் என்று நான் சொல்வது இதைத்தான்.

அதற்காக ஆங்கிலத்தில் "ஹாய்" என்று பேரைச் சொல்லிக் கூப்பிடுவதை அப்படியே தமிழுக்குக் கொண்டுவரச் சொல்லவில்லை. அறுபது தாண்டிய ஒரு அம்மாவை வெறும் பேரைச் சொல்லி மெயிலில் கூப்பிட்டால் மன்னிப்பு கேட்ட மாதிரி இருக்காது, வம்புக்கு இழுத்த மாதிரி இருக்கும். ஆங்கிலத்தில் பேர் செய்கிற வேலையைத் தமிழில் ஒரு "வணக்கம்" செய்துவிடும்.

"தமிழில் இப்படித்தான் எழுதணும், அதுதான் மரியாதை" என்று ஒரு பெரியவர் எழுதியிருக்கிறார். ஐயா, "நீங்கள்" என்பதிலேயே மரியாதை இருக்கிறது. "நல்குமாறு" என்று எழுதினால் மரியாதை கூடாது, விலகல்தான் கூடும். எங்கள் கடையிலும் முன்பு ஒரு மேனேஜர் இப்படித்தான். நான் எழுதிய தமிழை எல்லாம் "கொஞ்சம் ஸ்டாண்டர்டா மாத்துங்க" என்பார், ஆங்கிலத்தை மட்டும் "கொஞ்சம் ஃபிரெண்ட்லியா" என்பார். அப்படி ஸ்டாண்டர்டாகப் போன ஒரு மெயிலுக்குப் பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து ஒரு தாத்தா ஒரே வரியில் பதில் போட்டார்: "தம்பி, கட்டில் என்னைக்கு வரும்னு மட்டும் சொல்லு." மேனேஜருக்கு அதை ஃபார்வர்டு செய்தேன். படித்தாரா என்று தெரியவில்லை. நடை மட்டும் மாறவே இல்லை.

அடுத்தது, வக்கீல் நண்பர்கள். "தப்பு எங்கள் மேல் என்று எழுத்தில் கொடுத்தால் கம்பெனிக்குச் சிக்கல்" என்கிறார்கள். நியாயமான கவலை. ஆனால் அதை ஆங்கிலத்தில் ஏற்கெனவே கொடுத்துவிட்டார்களே! தமிழில் மட்டும் சட்டம் பயமுறுத்துகிறதா? சட்டம் என்று வந்ததால் சொல்கிறேன். 2020இல் வந்த நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, சொன்ன தேதிக்குள் பொருள் வராவிட்டால் விற்பவர் பணத்தைத் திருப்பித் தர மறுக்கக் கூடாது. விலக்கு ஒன்றுதான்: அந்தத் தாமதம் வெள்ளம், புயல் மாதிரி கையை மீறிய காரணத்தால் வந்திருக்க வேண்டும்.

இப்போது தமிழ்ப் பாதியின் முதல் வரியை மறுபடி படியுங்கள். "தவிர்க்க இயலாத காரணங்களால்." மேலே ஆங்கிலத்தில் குடோன் கணக்குத் தப்பு. கீழே தமிழில் தவிர்க்க இயலாத காரணம். ஒரே தாமதத்துக்கு இரண்டு காரணம், அதில் ஒன்று பணம் கேட்கும் உரிமையையே மறைக்கிற மாதிரி ஒலிக்கிறது. வேண்டுமென்றே செய்தார்கள் என்று நான் சொல்லவில்லை. பழக்கதோஷத்தில் ஒட்டிய வரியாகத்தான் இருக்கும். ஆனால் படிப்பவருக்கு விளைவு ஒன்றுதானே? அதே விதிகள் குறைதீர் அலுவலர் ஒருவரை வைக்கச் சொல்கின்றன. புகாரை அவர் 48 மணி நேரத்துக்குள் பெற்றுக்கொண்டதாகச் சொல்ல வேண்டும், ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும். அவரை எப்படித் தொடர்புகொள்வது என்பது இந்த மெயிலில் எங்கே இருந்தது? சரியாகச் சொன்னீர்கள், மேல் பாதியில்.

"தமிழில் அனுப்பினால் செலவு அதிகம் சார்" என்று ஒரு ஐடி தம்பி. அவர் சொல்வது எஸ்எம்எஸ் கணக்கு. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். ஒரே செய்தி இரண்டு மூன்றாக உடையும், காசும் கூடும். எஸ்எம்எஸ்ஸில் சுருக்கினால் புரிந்துகொள்வேன். இது மெயில் தம்பி. மெயிலில் எழுத்துக்கு யார் காசு கேட்கிறார்கள்?

"கீழ்ப் பாதியை யார் படிக்கிறாங்க?" என்று கேட்டவருக்குப் பதில் இல்லை. என் பெரியம்மா படிக்கிறார். போதும்.

சோதித்துப் பார்ப்பது ஒன்றும் கஷ்டமில்லை. ஆங்கிலப் பாதியை ஒருவரிடம் கொடுங்கள், தமிழ்ப் பாதியை அதைப் பார்க்காத இன்னொருவரிடம் கொடுங்கள். தப்பு யாருடையது, எப்போது வரும், வேண்டாம் என்றால் என்ன செய்வது என்று இருவரையும் கேளுங்கள். பதில்கள் ஒத்துப்போனால் அனுப்புங்கள். இந்த மெயிலில் தமிழ் படிப்பவர் மூன்றுக்கும் "தெரியலையே" என்றுதான் சொல்வார். எங்கள் கடையில் நான் தமிழை முதலில் எழுதிவிட்டுத்தான் ஆங்கிலத்துக்குப் போகிறேன். தமிழில் யார் செய்தார் என்று சொல்லாமல் நழுவுவது ரொம்பச் சுலபம், அந்த ஓட்டையை முதலிலேயே அடைத்துவிட்டால் ஆங்கிலம் தானாக நேராகிவிடும்.

எல்லாவற்றையும் விட எரிச்சல் தருவது "தமிழில் அனுப்பியதே பெரிசு" என்கிற வாதம்தான். பெரிசா? யாருக்குப் பெரிசு? பெரியம்மா கொடுத்த பணத்தில் தமிழ் ரூபாய், ஆங்கில ரூபாய் என்று இருந்ததா? கஸ்டமர் கேருக்குப் போன் போட்டுத் தமிழைத் தேர்ந்தெடுத்தால் பாட்டுக் கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருக்கிறோம். ஆப்பில் மொழியை மாற்றினால் பாதி பட்டன் மாறாமல் நிற்கிறது. எல்லா இடத்திலும் நமக்கென்று ஒரு பலகை மாட்டியிருக்கிறது, கதவு மட்டும் பக்கத்து மொழியில் இருக்கிறது. அதற்கு நன்றி வேறு சொல்ல வேண்டுமாம்.

கடைசியாக, நேற்று ராத்திரி அந்தக் கம்பெனியிலிருந்தே ஒருவர் இன்பாக்ஸில் வந்து, உங்க தமிழ் வெர்ஷன் நல்லா இருக்கு, எங்க மெயில் எல்லாத்தையும் இப்படி எழுதித் தர முடியுமா, கிரெடிட் கொடுக்கிறோம் என்றார். கிரெடிட் வேண்டாங்க. ஆங்கிலப் பாதியை எழுதியவருக்கு என்ன சம்பளம் கொடுத்தீர்கள் என்று முதலில் சொல்லுங்கள். அதே தொகைக்குக் கொட்டேஷன் அனுப்புகிறேன்.