பில் வந்த பிறகா பேசுவது?

டேட்டிங்கில் முதல் சந்திப்புக்கு நாள், நேரம், இடம் எல்லாம் சாட்டில் பேசி முடிக்கிறோம். யார் காசு கொடுப்பது என்று கேட்டால் மட்டும் "அங்க போய் பாத்துக்கலாம்" என்கிறார்கள். இது எனக்கு உண்மையிலேயே எரிச்சலாக இருக்கிறது.

அப்படி ஒருவரை அண்ணா நகரில் ஒரு கஃபேயில் சந்தித்தேன். அவரே தேர்ந்தெடுத்த இடம். இரண்டு பேருக்கு 1,400 ரூபாய், 5% ஜிஎஸ்டி சேர்த்து 1,470. பில் வந்ததும் அவர் போனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார். நான் முழுசாகக் கொடுத்தால் தோரணை, பாதி கேட்டால் கஞ்சத்தனம். அதுவரை நன்றாகப் போன பேச்சு அங்கேயே நின்றுபோனது.

இடம் முடிவாகும் அந்த நிமிடம்தான் இதைச் சொல்ல வேண்டிய நேரம். "அந்த இடம் ஓகே. பில்லை பாதிப் பாதி போட்டுக்கலாமா? எனக்கு அதுதான் வசதி" என்று எழுதினால் போதும். கொடுக்க விருப்பம் என்றால், "இந்தத் தடவை நான் கூப்பிட்டேன், நான் குடுக்கிறேன்." காரணமும் சேர்ந்தே வருவதால் எதிராளிக்குச் சங்கடம் இல்லை. கிளம்பும் நேரத்தில் அனுப்பினால் நிபந்தனை போட்ட மாதிரி ஆகிவிடும்.

சம்பளம் எல்லோருக்கும் ஒன்றா? பாதி என்று முன்பே தெரிந்தால், "டீக்கடை பக்கம் போலாமா?" என்று கேட்கவாவது அவருக்கு வழி இருக்கும். அந்த வழியை ஏன் அடைக்கிறீர்கள்?