தடுப்பது கஃபீன் அல்ல, பாலிஃபீனால்
“கஃபீன்தான் இரும்புச்சத்தைத் தடுக்கிறது, ஜிம்முக்கு முன் கடுங்காப்பியை விடுங்கள்” என்று பலர் சொல்கிறார்கள். இல்லை, தடுப்பவை டீயிலும் காபியிலும் உள்ள பாலிஃபீனால்கள். கீரை, பருப்பு, தானியத்தில் இருக்கும் இரும்பை அவை குடலில் பிடித்துக் கரையாததாக்கிவிடுகின்றன. கறி, ஈரலில் உள்ள ஹீம் இரும்புக்கு இந்தத் தொல்லை மிகக் குறைவு. தடுப்பது பாலிஃபீனால் என்பதால் கஃபீன் நீக்கிய காபியும் தடுக்கும். கேட்க வேண்டியது, எப்போது குடிக்கிறோம் என்பதைத்தான். சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு குடித்த காபி உறிஞ்சலைக் குறைக்கவில்லை, ஒரு மணி நேரம் கழித்துக் குடித்தது உணவோடு குடித்த அளவுக்கே குறைத்தது என்று 1983-இல் வந்த ஆய்வு காட்டியது. காரைக்குடியில் பளு தூக்கும் சைவக்காரி நான். ஹீமோகுளோபின் 12.3, பார்க்கச் சரிதான். ஆனால் ஐந்தாவது செட்டிலேயே மூச்சு வாங்கியது. உடலில் சேமித்த இரும்பைக் காட்டும் ஃபெரிட்டினைப் பார்த்தால் வெறும் 13. காலையில் பணியாரத்தோடும், மதியம் முருங்கைக்கீரைச் சோறு முடிந்த கையோடும் டீ குடிப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். டாக்டர் தந்த இரும்புச்சத்து மாத்திரையை எடுத்துக்கொண்டேன், கூடவே அந்த இரண்டு டீயையும் மாலை நாலரைக்குத் தள்ளினேன். கீரையை இறக்கி ஆறிய பிறகு எலுமிச்சை பிழிந்தேன், சோற்றோடு அரைக் கொய்யாவும் சேர்த்தேன். வைட்டமின் சி இரும்பை எளிதில் உறிஞ்சும் வடிவுக்கு மாற்றும், ஆனால் அதே வேளை உணவில் இருக்க வேண்டும். கொதிக்கவிட்டால் பெருமளவு வீணாகும். நான்கு மாதத்தில் ஃபெரிட்டின் 34. ஜிம்முக்கு முந்தைய கடுங்காப்பியை நான் விடவே இல்லை.