"ஹாங்" என்றால் ஆமாமா?

சில வருடங்களுக்கு முன், கொங்குப் பக்கம் ஒரு மாஜிஸ்திரேட் கோர்ட். மில்லில் செப்புக் கம்பி திருடியதாக வழக்கு. எதிரி, அதாவது குற்றம் சாட்டப்பட்டவர், ஒடிசாவிலிருந்து வேலைக்கு வந்தவர். நான் வேறொரு வாய்தாவுக்காகப் பின் பெஞ்சில் காத்திருந்தேன்.

அன்று 313-ஆம் பிரிவுக் கேள்வி. சாட்சிகள் சொன்னதை ஒவ்வொன்றாக எதிரியிடம் வைத்து, "இதற்கு என்ன சொல்கிறாய்?" என்று நீதிபதியே கேட்கும் கட்டம். மொழிபெயர்க்க வந்தவர் யார் தெரியுமா? புகார் கொடுத்த அதே மில்லின் சூப்பர்வைசர். ஹிந்தி தெரியுமாம், போதும் என்று கூட்டி வந்துவிட்டார்கள். "நைட் ஷிஃப்ட் முடிந்து நீ பையோடு போனதைப் பார்த்ததாக வாட்ச்மேன் சொல்கிறாரே" என்ற கேள்வி அவர் வாயில் நாலு சொல்லாகச் சுருங்கியது. எதிரி "ஹாங்" என்றார். ஸ்டெனோ "உண்மை" என்று அடிக்கத் தொடங்கிவிட்டார். கதை கேட்கும்போது நாம் "ம்" கொட்டுவோமே, அந்த "ஹாங்" அது. எதிரியின் வக்கீல் எழுந்து தடுத்ததால் தப்பித்தது.

சட்டத்தில் குறையில்லை. பழைய குற்ற விசாரணை முறைச் சட்டத்தின் 279-ஆம் பிரிவு, அதன் இடத்தில் இப்போது இருக்கும் பி.என்.எஸ்.எஸ் சட்டத்தில் 314: எதிரிக்குப் புரியாத மொழியில் சாட்சியம் நடந்தால், அவருக்குப் புரியும் மொழியில் திறந்த கோர்ட்டிலேயே பெயர்த்துச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால்? அங்கேதான் சிக்கல். ஷிவ்நாராயண் கப்ரா எதிர் மெட்ராஸ் மாநிலம் என்று 1960-களில் ஒரு உச்ச நீதிமன்றத் தீர்ப்பு. எதிரிக்குப் புரியாவிட்டாலும் அவருடைய வக்கீல்களுக்கு மொழி தெரியும், அதனால் பாதிப்பு இல்லை, இது வெறும் நடைமுறைக் குறை, விசாரணை செல்லும் என்றார்கள். ஆட்சேபம் இருந்தால் முன்பே சொல்லியிருக்கலாமே என்ற கேள்வியும் அப்பீலில் வரும். என்ன நடக்கிறது என்றே தெரியாதவர் எதை ஆட்சேபிப்பார்?

வக்கீலுக்குப் புரிந்தால் போதும் என்பதை என்னால் ஏற்க முடியவில்லை. வக்கீலுக்குத் தெரிவது மொழிதான். சம்பவம் தெரிந்தவர் எதிரி. அந்த மில் வழக்கிலேயே அப்புறம் மனுப் போட்டு வாட்ச்மேனைத் திரும்ப அழைத்தார்கள். இந்த முறை ஒடியா தெரிந்த வெளியாள் ஒருவர் வரி வரியாகச் சொன்னார். பாதியிலேயே எதிரி தன் வக்கீலைக் கூப்பிட்டு, அந்த வாரம் வாட்ச்மேனுக்குப் பகல் டியூட்டி என்றார். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று வக்கீல் கடிந்துகொண்டார். "அவர் என்ன சொன்னார் என்று யாரும் என்னிடம் சொல்லவில்லையே" என்றார் எதிரி.

ஜூனியர்களுக்கு ஒன்று. இப்படிப்பட்ட கேஸ் கைக்கு வந்தால் முதல் வாய்தாவிலேயே, எதிரிக்கு எந்த மொழி புரியும் என்று எழுதி ஒரு மெமோ போடுங்கள். ஒடிசாக்காரர் என்றால் ஒடியாதான் என்று நினைக்க வேண்டாம், வீட்டில் சந்தாலி பேசுபவராக இருக்கலாம். ஒவ்வொரு சாட்சியத் தாளிலும் "எதிரிக்கு இன்ன மொழியில் விளக்கப்பட்டது" என்ற வரி இருக்கிறதா பாருங்கள். இல்லையென்றால் அன்றைக்கே எழுந்து சொல்லுங்கள்.