நியூட்ரல் ஏன் சுட்டது?

நேற்று எங்கள் ஈஇஇ துறையில் முதலாண்டு மாணவர்களிடம் ஐந்து நிமிடம் பேசச் சொன்னார்கள். "எம்1, எம்2 கணக்குப் பேப்பரெல்லாம் எதுக்குண்ணா?" என்று கேட்பவர்கள் அவர்கள். நான்காம் ஆண்டு வரை அதே கேள்வியோடு இருந்தவன் நான். அதனால் ஒரே ஒரு விஷயத்தைச் சொன்னேன்.

போன செமஸ்டரில் ஒரு கம்ப்யூட்டர் லேபின் டிஸ்ட்ரிப்யூஷன் போர்டைத் திறந்தோம். நியூட்ரல் கம்பியின் இன்சுலேஷன் பழுப்பேறிக் கிடந்தது. கிளாம்ப் மீட்டர் போட்டால் மூன்று பேஸிலும் ஆளுக்கு 20 ஆம்பியர். லோடு அவ்வளவு அழகாகச் சமமாக இருந்தால் நியூட்ரலில் ஒன்றுமே இருக்கக் கூடாது. இருந்ததோ 36 ஆம்பியர்! ஓவர்லோடானால் விழும் 32 ஆம்பியர் எம்சிபி விழவில்லை. அது பார்ப்பது பேஸை மட்டும்தானே.

லூஸ் கனெக்‌ஷன் என்றார் எலெக்ட்ரீஷியன் அண்ணா. லூஸ் கனெக்‌ஷன் என்றால் அந்த முனை மட்டும்தான் சுட வேண்டும். இங்கே கம்பி முழுக்கச் சூடு. மீட்டரை ஹெர்ட்ஸுக்கு மாற்றினேன். 50 வரவில்லை, 150 வந்தது.

அந்த 150-ஐப் பார்த்ததும்தான் ஃபூரியர் தொடர் எனக்குப் புரிந்தது. கம்ப்யூட்டரின் பவர் சப்ளையான எஸ்எம்பிஎஸ் சைன் அலையாகக் கரண்ட் இழுப்பதில்லை. வோல்டேஜ் உச்சிக்கு வரும்போது மட்டும் சட்டென்று ஒரு வாய் இழுத்துக்கொள்ளும். அந்த வடிவத்தை ஃபூரியர் முறையில் சைன் அலைகளாகப் பிரித்தால் 50 ஹெர்ட்ஸோடு 150 ஹெர்ட்ஸும் கிடைக்கும். அதுதான் மூன்றாம் ஹார்மோனிக். பேஸ்களுக்கு இடையே 120 டிகிரி இருப்பதால் 50 ஹெர்ட்ஸ் அலைகள் மூன்றும் நியூட்ரலில் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். மூன்றாம் ஹார்மோனிக்கில் அந்த இடைவெளியும் மூன்று மடங்காகி 360 ஆகிவிடுகிறது. 360 என்றால் இடைவெளியே இல்லை.

sin 3θ + sin(3θ − 360°) + sin(3θ − 720°) = 3 sin 3θ

மூன்றும் ஒன்றாகவே ஏறி ஒன்றாகவே இறங்குகின்றன. ஆகவே 36-ஐ மூன்றால் வகுத்தால் ஒரு பேஸுக்கு 12 ஆம்பியர் மூன்றாம் ஹார்மோனிக். 20-இன் வர்க்கத்தில் 12-இன் வர்க்கத்தைக் கழித்து மூலம் எடுத்தால் மீதி 50 ஹெர்ட்ஸ் கரண்ட் 16. (சின்ன ஹார்மோனிக்குகளை விட்டுவிட்டேன்.)

ட்ரூ ஆர்எம்எஸ் மீட்டர் இல்லாமல் இதை அளக்காதீர்கள் என்றும் சொன்னேன். சைன் அலையை நம்பிச் செய்த மலிவு மீட்டர், பேஸில் இருக்கும் கூரான அலைக்குக் குறைத்துத்தான் காட்டும். நியூட்ரலுக்கு இரண்டு மடங்கு கம்பி போட்ட பிறகு சூடு அடங்கியது.

ஃபூரியரை வகுப்பில் நடத்தும் அதே வாரம் ஒரு கிளாம்ப் மீட்டரையும் மாணவர் கையில் கொடுக்க வேண்டும் என்பது என் கருத்து. மூன்றாம் செமஸ்டரில் இதை நான் வெறும் இன்டக்ரேஷனாகத்தான் மனப்பாடம் செய்தேன்.

பேசி முடித்ததும் ஒரு பெண் எழுந்து, "அப்போ அஞ்சாவது ஹார்மோனிக்கும் சேருமாண்ணா?" என்றாள். நான் வாய் திறப்பதற்குள் பக்கத்தில் இருந்தவள் நோட்டில் போட்டுவிட்டாள்: "அஞ்சு இன்டூ 120, 600. 360 போனா 240. சேராது. ஒம்பதுதான் சேரும்."